வங்கிக் கடனுக்கான போர்டு தீர்மானம்: தொகை, அடமானம், கையெழுத்து மூன்றையும் சரியாக எழுதுவது எப்படி

வங்கி கடனுக்கு ஒப்புதல் கொடுத்துவிடும், ஆனால் பணம் வராது. என்னவென்று விசாரித்தால், "உங்கள் போர்டு தீர்மானம் சரியில்லை, மாற்றிக் கொண்டு வாருங்கள்" என்பார்கள். எங்கள் கம்பெனிக்கு இதுதான் நடந்தது. ஒரு தடவை கடன் தொகையின் வரம்பு தெளிவாக இல்லை என்றார்கள். அப்புறம் சொத்துப் பத்திரத்தை ஒப்படைக்க யாருக்கும் அதிகாரம் இல்லை என்றார்கள். அதன் பிறகு தேதியில் சிக்கல். மூன்றையும் முதலிலேயே யாராவது சொல்லியிருந்தால் ஒரே மூச்சில் முடிந்திருக்கும். முதல்முறை கம்பெனி பெயரில் கடன் வாங்கப் போகிறவர்களுக்காக அதை இங்கே எழுதுகிறேன்.

இது இந்தியாவில் கம்பெனிகள் சட்டம் 2013-இன் கீழ் பதிவான பிரைவேட் லிமிடெட் கம்பெனிக்கானது. விளக்க வசதியாக ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். மூன்று இயக்குநர்கள். இயந்திரம் வாங்க 60 லட்சம் ரூபாய் டேர்ம் லோன், அன்றாட வியாபாரத்துக்கு 40 லட்சம் ரூபாய் கேஷ் கிரெடிட். ஆக மொத்தம் 1 கோடி. ஈடாகத் தருவது புதிய இயந்திரம், சரக்கு இருப்பு, வரவேண்டிய பாக்கிகள், கம்பெனி பெயரில் உள்ள தொழிற்சாலை நிலமும் கட்டடமும்.

1. எழுதுவதற்கு முன் மூன்று ஆவணங்கள் மேசையில் இருக்கட்டும்

முதலாவது, வங்கியின் சாங்ஷன் லெட்டர். தீர்மானத்தில் வரும் தொகை, கடன் வகை, ஈடு எல்லாம் இதில் உள்ளபடியே இருக்க வேண்டும். கிளை மேலாளர் வாயால் சொன்னதை வைத்து எழுதாதீர்கள். இறுதிக் கடிதத்தில் டேர்ம் லோன் கொஞ்சம் குறைந்து கேஷ் கிரெடிட் கூடியிருக்கும். மொத்தம் ஒன்றுதானே என்று விட்டால் வங்கியின் வக்கீல் விடமாட்டார்.

இரண்டாவது, உங்கள் கம்பெனியின் உள்விதிகளான ஆர்ட்டிகிள்ஸ். இதில் கடன் வாங்கும் அதிகாரம் பற்றிய பகுதியைத் தேடிப் படியுங்கள். சில கம்பெனிகளில் இவ்வளவுக்கு மேல் கடன் வாங்கப் பங்குதாரர்களின் ஒப்புதல் வேண்டும் என்று இருக்கும். வெளி முதலீட்டாளர் இருந்தால், அவருடைய எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் சொத்தை அடமானம் வைக்கக் கூடாது என்ற விதியும் இருக்கலாம். அப்படி ஒன்று இருந்தால் போர்டு தீர்மானம் மட்டும் போதாது.

மூன்றாவது, கடைசியாகத் தணிக்கை செய்த பேலன்ஸ் ஷீட். சட்டத்தின் பிரிவு 180(1)(c) கடனுக்கு ஓர் எல்லை போடுகிறது. செலுத்தப்பட்ட பங்கு மூலதனம், ஃப்ரீ ரிசர்வ், செக்யூரிட்டீஸ் பிரீமியம் மூன்றையும் கூட்டினால் வரும் தொகையைத் தாண்டிக் கடன் வாங்க வேண்டுமானால், பங்குதாரர்கள் சிறப்புத் தீர்மானம் போட வேண்டும். பிரைவேட் கம்பெனிகளுக்கு 2015-இல் இதிலிருந்து விலக்கு கொடுத்தார்கள். ஆனால் ஆண்டுக் கணக்குகளையும் ஆண்டு அறிக்கையையும் ஒழுங்காகத் தாக்கல் செய்திருந்தால்தான் அந்த விலக்கு என்று 2017-இல் ஒரு நிபந்தனை சேர்ந்தது. தாக்கல் பாக்கி இருந்தால் முதலில் அதை முடியுங்கள்.

விலக்கு இருந்தாலும் கணக்கைப் போட்டு வைத்துக்கொள்வது நல்லது, வங்கி கேட்கும். நம் உதாரணத்தில் மூலதனம் 25 லட்சம், ஃப்ரீ ரிசர்வ் 45 லட்சம், பிரீமியம் இல்லை என்று வைத்தால் எல்லை 70 லட்சம். ஏற்கெனவே 8 லட்சம் வாகனக் கடன் இருக்கிறது. புதிய டேர்ம் லோனைச் சேர்த்தால் 68 லட்சம், எல்லைக்குள்தான். கேஷ் கிரெடிட் போன்ற, கேட்டவுடன் திருப்பித் தரவேண்டிய வங்கிக் கடன்களை இந்தக் கூட்டலில் சேர்க்க வேண்டியதில்லை. ஆனால் அவை மூலதனச் செலவுக்காக வாங்கியவையாக இருந்தால் சேர்க்க வேண்டும். பலர் மறந்துவிடுவது ஒன்று உண்டு: இயக்குநர்கள் கம்பெனிக்குக் கைமாற்றாகக் கொடுத்த பணமும் கம்பெனியின் கடன்தான். அப்படி 10 லட்சம் நிலுவையில் இருந்தால் கூட்டுத்தொகை 78 லட்சமாகி எல்லையைத் தாண்டிவிடும்.

2. கூட்டம் கூட்டியே ஆக வேண்டும்

பணம் கடன் வாங்கும் அதிகாரத்தை இயக்குநர்கள் கூட்டத்தில்தான் பயன்படுத்த முடியும் என்கிறது பிரிவு 179(3). மின்னஞ்சலில் அனுப்பி எல்லோரிடமும் சம்மதம் வாங்கும் சுற்றறிக்கைத் தீர்மானம் இதற்குச் செல்லாது. மூவரும் ஒரே குடும்பம், தினமும் சேர்ந்துதான் சாப்பிடுகிறோம் என்றாலும் கூட்டம் வேண்டும். வீடியோ அழைப்பில் கலந்துகொள்ளலாம்.

கூட்ட அறிவிப்பை 7 நாள் முன்னதாக எல்லா இயக்குநர்களுக்கும் எழுத்தில் அனுப்ப வேண்டும். அவசரக் காரியத்துக்கு அதைவிடக் குறைந்த அவகாசத்தில் கூட்டவும் சட்டம் இடம் தருகிறது. அப்போது அது குறுகிய கால அறிவிப்பு என்பதை அறிவிப்பிலேயே குறிப்பிடுங்கள். கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது எத்தனை பேர் வேண்டும் என்ற கோரம், மொத்த இயக்குநர்களில் மூன்றில் ஒரு பங்கு அல்லது இருவர், இதில் எது அதிகமோ அது. நம் கம்பெனிக்கு இருவர் போதும்.

கூட்டத்துக்குப் போகும்போது தீர்மானத்தின் முழு வாசகத்தையும் அச்சிட்டு எடுத்துப் போய்க் கூட்டத்தின் முன் வையுங்கள். "கடன் வாங்க ஒப்புக்கொண்டோம், வாசகத்தை அப்புறம் எழுதிக்கொள்ளலாம்" என்று விட்டுவிடாதீர்கள். கம்பெனி செக்ரட்டரிகள் பின்பற்றும் செயலகத் தரநிலைப்படி, வாசகம் கூட்டத்தில் வைக்கப்பட்டிருந்தால், மினிட்ஸ் புத்தகத்தில் ஏறுவதற்கு முன்பே தீர்மானத்தின் சான்றிட்ட நகலைக் கொடுக்கலாம். இல்லையென்றால் மினிட்ஸ் ஏறும்வரை காத்திருக்க வேண்டும். அதற்கு 30 நாள் வரை அவகாசம் உண்டு என்பதால் கடனும் அதுவரை தள்ளிப்போகலாம்.

தேதிகளின் வரிசையையும் கவனியுங்கள். முதலில் சாங்ஷன் லெட்டர் தேதி, அப்புறம் போர்டு கூட்டம், அதன் பிறகு ஒப்புதல் கையெழுத்து, கடைசியில் கடன் ஆவணங்கள். பெரும்பாலும் கடிதம் கைக்கு வந்த அன்றே, "ஏற்றுக்கொண்டோம் என்று இங்கே கையெழுத்துப் போடுங்கள்" என்பார்கள். கூட்டம் நடப்பதற்கு முன் போடும் அந்தக் கையெழுத்துக்கு அதிகாரம் எங்கிருந்து வந்தது என்று பின்னால் வக்கீல் கேட்பார். கூட்டம் முடியும்வரை காத்திருங்கள். கையெழுத்து முன்பே போய்விட்டிருந்தால், அதை ஏற்று உறுதிப்படுத்தும் ஒரு வரியைத் தீர்மானத்தில் சேர்த்துவிடுங்கள்.

3. தீர்மானத்தின் வாசகம்

வங்கிகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் கேட்கும். ஆனால் ஒவ்வொரு வரியும் எதற்கு என்று புரிந்தால் எந்த மொழியிலும் எழுதிவிடலாம். இதில் வரும் சார்ஜ் என்பது கம்பெனியின் சொத்தின் மீது கடனுக்கு ஈடாக வங்கிக்குத் தரும் உரிமை. ஹைபாதிகேஷன் என்றால் பொருள் கம்பெனியின் கையிலேயே இருக்க, அதன் மீது அந்த உரிமையைத் தருவது. நம் உதாரணத்துக்கான முன்வரைவு இது:

> ........ பிரைவேட் லிமிடெட் (சிஐஎன் ........) கம்பெனியின் இயக்குநர் குழு, ........ தேதியன்று ........ மணிக்கு, ........ முகவரியில் கூடிய கூட்டத்தில் நிறைவேற்றிய தீர்மானத்தின் சான்றிட்ட நகல்.
>
> (அ) கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 179(3)-இன்படியும் கம்பெனியின் ஆர்ட்டிகிள்ஸ்படியும், ........ வங்கியின் ........ கிளையிடமிருந்து, அதன் ........ தேதியிட்ட, ........ எண்ணுள்ள சாங்ஷன் லெட்டரில் கண்ட நிபந்தனைகளின்படி, டேர்ம் லோனாக 60,00,000 ரூபாயும் கேஷ் கிரெடிட்டாக 40,00,000 ரூபாயும், ஆக அசல் 1,00,00,000 ரூபாய்க்கு (ஒரு கோடி ரூபாய் மட்டும்) மிகாமல் கடன் பெற இயக்குநர் குழு ஒப்புதல் அளிக்கிறது என்று தீர்மானிக்கப்பட்டது.
>
> (ஆ) மேற்படி அசலுக்கும், அதன் மீதான வட்டி, கட்டணம், செலவுகளுக்கும் ஈடாக, பட்டியல் 1-இல் கண்ட இயந்திரங்கள், சரக்கு இருப்பு, வரவேண்டிய பாக்கிகள் ஆகியவற்றின் மீது ஹைபாதிகேஷன் முறையில் சார்ஜ் ஏற்படுத்தவும், பட்டியல் 2-இல் கண்ட நிலம், கட்டடத்தின் மூலப் பத்திரங்களை ஒப்படைத்து அடமானம் ஏற்படுத்தவும் ஒப்புதல் அளிக்கப்படுகிறது.
>
> (இ) இயக்குநர்கள் திரு. ........ (டிஐஎன் ........), திருமதி ........ (டிஐஎன் ........) ஆகிய இருவரும் சேர்ந்து, சாங்ஷன் லெட்டரை ஏற்கவும், கடன் ஒப்பந்தம், ஹைபாதிகேஷன் ஒப்பந்தம், அடமானம் தொடர்பான ஆவணங்கள் ஆகியவற்றில் கம்பெனியின் சார்பில் கையெழுத்திடவும், பதிவு அலுவலர் முன் ஆஜராகவும் அதிகாரம் அளிக்கப்படுகிறது.
>
> (ஈ) பட்டியல் 2-இல் கண்ட மூலப் பத்திரங்களை, அடமானம் ஏற்படுத்தும் நோக்கத்துடன் வங்கியில் நேரில் ஒப்படைக்கத் திரு. ........ அவர்களுக்கு அதிகாரம் அளிக்கப்படுகிறது.
>
> (உ) மேற்படி வரம்புக்குள் பணம் எடுக்கும் கோரிக்கைகள், மாதாந்தர சரக்கு அறிக்கைகள் ஆகியவற்றில் மேற்கண்ட இருவரில் எவரேனும் ஒருவர் கையெழுத்திடலாம்.
>
> (ஊ) சார்ஜ் பதிவுக்கான CHG-1 படிவத்தில் கம்பெனியின் சார்பில் டிஜிட்டல் கையெழுத்திட்டுத் தாக்கல் செய்யத் திருமதி ........ அவர்களுக்கு அதிகாரம் அளிக்கப்படுகிறது.
>
> (எ) கடன் தொகையை உயர்த்துவதற்கும், கூடுதல் சொத்தை ஈடாகத் தருவதற்கும் இயக்குநர் குழுவின் புதிய தீர்மானம் தேவை. இத்தீர்மானம் ரத்து செய்யப்பட்ட அறிவிப்பு வங்கிக்கு எழுத்தில் கிடைக்கும்வரை நடப்பில் இருக்கும்.

பட்டியல் 1-இல் இயந்திரத்தின் பெயர், மாடல், விலைப்பட்டியல் எண். பட்டியல் 2-இல் சர்வே எண், பரப்பு, நான்கு எல்லைகள், கிரயப் பத்திர எண், பதிவு அலுவலகம். பட்டியல் 2-ஐக் கிரயப் பத்திரத்தைப் பார்த்து அப்படியே எழுதுங்கள். வரி ரசீதைப் பார்த்து எழுதினால் பரப்பளவு மாறிப்போகும்.

4. தொகையின் வரம்பை எழுதும் இடம்

வங்கியே ஓர் அச்சடித்த மாதிரி கொடுக்கும். வேலை எளிதாகிவிட்டது என்று பெயரை மட்டும் நிரப்பிக் கொடுத்துவிடத் தோன்றும். ஆனால் அந்த மாதிரிகளில் அடிக்கடி இப்படி இருக்கும்: வங்கி அவ்வப்போது அனுமதிக்கும் எந்தத் தொகையையும், எந்த நிபந்தனையிலும், கம்பெனியின் எந்தச் சொத்தையும் ஈடாகத் தந்து பெறலாம். இப்படி ஒரு தீர்மானம் வங்கியில் கிடந்தால், அடுத்த ஆண்டு ஒரு இயக்குநர் தனியாகப் போய் வரம்பை உயர்த்திக்கொண்டு வரலாம். மற்றவர்களுக்குத் தெரியாமலே போகலாம். இதனால்தான் (அ) பத்தியில் சாங்ஷன் லெட்டரின் தேதியையும் எண்ணையும் சேர்த்திருக்கிறேன். (எ) பத்தியும் இதற்குத்தான். நீங்கள் கேட்டால் பெரும்பாலான கிளைகள் ஏற்றுக்கொள்ளும், ஏனென்றால் அவர்களுடைய கடனுக்கு இதனால் ஒரு குறையும் இல்லை.

வரம்பு அசலுக்கு மட்டுமா, வட்டியும் சேர்த்தா என்பதையும் தெளிவாக்குங்கள். "கடன் 1 கோடிக்கு மிகாமல்" என்று மட்டும் எழுதினால் வட்டி ஏறியதும் பாக்கி 1 கோடியைத் தாண்டும். தாண்டிய பகுதிக்கு ஈடு உண்டா என்று கேள்வி வரும். ஆகவே கடன் பத்தியில் "அசல்" என்ற சொல்லும், ஈடு பத்தியில் "வட்டி, கட்டணம், செலவுகள்" என்ற சொற்களும் கட்டாயம் இருக்க வேண்டும். எங்கள் தீர்மானம் முதலில் திரும்பி வந்தது இந்த ஒரு காரணத்தால்தான்.

தொகையை எண்ணிலும் எழுத்திலும் எழுதுங்கள், இரண்டும் ஒத்துப்போகிறதா என்று இன்னொருவரைப் படிக்கச் சொல்லுங்கள். சாங்ஷன் லெட்டரில் வங்கி உத்தரவாதம் போன்ற வேறு வரம்பு இருந்தால் அதையும் தனியாகப் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும். அது கடனே இல்லையே என்று விடக் கூடாது. வங்கி பணம் கட்ட நேர்ந்தால் அந்தச் சுமை கம்பெனியின் மேல்தான் விழும்.

5. யார் கையெழுத்து, எதற்கு

"இயக்குநர்களில் எவரேனும் ஒருவர்" என்ற சொற்றொடரைக் கடன் ஆவணங்களுக்குப் பயன்படுத்தாதீர்கள். பெயரும் டிஐஎன்னும் போட்டு, இருவரும் சேர்ந்தா அல்லது தனித்தனியாகவா என்று எழுதுங்கள். என் கருத்து: கம்பெனியைக் கட்டிப்போடும் ஆவணங்களுக்கு இருவர் சேர்ந்து, அன்றாட வேலைக்கு ஒருவர். மாதாமாதம் சரக்கு அறிக்கைக்குக்கூட இருவர் என்று வைத்தால், ஒருவர் வெளியூரில் இருக்கும் வாரம் கேஷ் கிரெடிட் கணக்கு முடங்கிப் போகும்.

பெயரின் எழுத்துகளைச் சரிபாருங்கள். டிஐஎன், பான், ஆதார் மூன்றிலும் இனிஷியல் ஒரே மாதிரி இருக்காது. தீர்மானத்தில் டிஐஎன்னில் உள்ளபடியே எழுதுங்கள். கம்பெனி விவகார அமைச்சகத்தின் எம்சிஏ தளத்தில் உங்கள் கம்பெனியின் விவரப் பக்கத்தைத் திறந்து, கையெழுத்திடப் போகிறவர் அங்கே இயக்குநராகத் தெரிகிறாரா என்றும் பாருங்கள். வங்கி வக்கீல் முதலில் பார்ப்பது அதைத்தான். புதிதாகச் சேர்ந்தவருக்கு, நியமனத்தைத் தெரிவிக்கும் DIR-12 படிவம் தாக்கல் செய்யாமல் இருந்தால் அவர் பெயர் அங்கே வராது.

மூலப் பத்திரம் ஒப்படைப்பவரைத் தனியாகப் பெயர் சொல்லியிருப்பதற்குக் காரணம் உண்டு. அந்த அடமானம் உருவாவதே, அடமானம் வைக்கும் எண்ணத்தோடு பத்திரத்தை ஒப்படைக்கும் அந்தச் செயலால்தான். ஒப்படைத்தவருக்குக் கம்பெனியின் அதிகாரம் இல்லையென்றால் அடமானமே கேள்விக்குள்ளாகும். "ஆவணங்களில் கையெழுத்திட" என்ற பொதுச் சொல்லில் இது அடங்கும் என்று நாம் நினைப்போம், வக்கீல் அப்படி நினைக்கமாட்டார்.

கணக்காளருக்கு அதிகாரம் கொடுக்கலாமா என்று கேட்பார்கள். போர்டு ஏற்கெனவே முடிவு செய்த கடனில், அறிக்கை தருவது, கோரிக்கையில் கையெழுத்திடுவது போன்ற வேலைகளைக் கொடுக்கலாம். ஆனால் கடன் வாங்குவதா, எவ்வளவு வாங்குவது என்று முடிவெடுக்கும் அதிகாரத்தை இயக்குநர் கமிட்டி, மேலாண்மை இயக்குநர், மேலாளர், கம்பெனியின் முதன்மை அலுவலர் ஆகியோருக்கு மட்டுமே கொடுக்கச் சட்டம் அனுமதிக்கிறது. அதையும் கூட்டத்தில் தீர்மானம் போட்டுத்தான் கொடுக்க முடியும்.

நகலில் "உண்மை நகல்" என்று சான்றிடுபவர், முடிந்தவரை, அதில் அதிகாரம் பெற்றவராக இல்லாமல் மூன்றாவது இயக்குநராகவோ கம்பெனி செக்ரட்டரியாகவோ இருக்கட்டும். தனக்குத் தானே அதிகாரம் கொடுத்துத் தானே சான்றிட்ட தாளைப் பல வங்கிகள் ஏற்பதில்லை. இரண்டே இயக்குநர்கள் உள்ள கம்பெனியில் வேறு வழியில்லை. அப்போது இருவரும் சான்றிட்டுவிடுங்கள். லெட்டர்ஹெட்டில் அச்சிட்டு, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து, முத்திரை, கடைசிப் பக்கத்தில் மாதிரிக் கையெழுத்துகள்.

6. கையெழுத்துக்குப் பிறகு: காலக்கெடுவும் செலவும்

சார்ஜ் ஏற்படுத்திய நாளிலிருந்து 30 நாளுக்குள் CHG-1 படிவத்தைக் கம்பெனிப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். இந்த 30 நாள் கூட்டத் தேதியிலிருந்து இல்லை, அடமான ஆவணம் உருவான தேதியிலிருந்து. தவறினால் கூடுதல் கட்டணத்தோடு 60 நாள் வரை, அதற்கும் மேல் கடன் தொகையைப் பொறுத்த கட்டணத்தோடு இன்னும் 60 நாள் வரை தாக்கல் செய்யலாம். அதோடு கதவு மூடிவிடும். பதிவாகாத சார்ஜை, கம்பெனி கலைக்கப்படும்போது கலைப்பாளரும் மற்றக் கடன்காரர்களும் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை. அதனால் வங்கியும் இதில் கண்டிப்பாக இருக்கும்.

படிவத்தில் கம்பெனியின் டிஜிட்டல் கையெழுத்தோடு வங்கி அதிகாரியின் டிஜிட்டல் கையெழுத்தும் வேண்டும். தாமதம் ஆவது பெரும்பாலும் இங்கேதான். அதிகாரி மாற்றலாகிப் போயிருப்பார், அல்லது அவருடைய டோக்கன் காலாவதியாகியிருக்கும். ஆவணங்களில் கையெழுத்திடும் நாளிலேயே வங்கித் தரப்பில் யார் கையெழுத்திடுவார் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பதிவு முடிந்ததும் CHG-2 என்ற சான்றிதழ் வரும், அதைத் தீர்மானத்தோடு சேர்த்துக் கோப்பில் வையுங்கள். 179(3)-இன் கீழ் போட்ட இந்தத் தீர்மானத்தை MGT-14 படிவத்தில் தாக்கல் செய்வதிலிருந்து பிரைவேட் கம்பெனிகளுக்கு விலக்கு உண்டு. பப்ளிக் கம்பெனி என்றால் 30 நாளுக்குள் அதையும் செய்ய வேண்டும்.

தீர்மானத்துக்கென்று பெரிய செலவு கிடையாது. உரிய நேரத்தில் தாக்கல் செய்தால் CHG-1 அரசுக் கட்டணமும் சில நூறு ரூபாய்தான். பணம் போவது முத்திரைத் தீர்வைக்கும், அடமான ஆவணத்தைப் பதிவு செய்வதற்கும், வங்கியின் வக்கீல், மதிப்பீட்டாளர் கட்டணங்களுக்கும். முத்திரைத் தீர்வை மாநிலத்துக்கு மாநிலம் வேறு. சொத்து இருக்கும் மாநிலத்தின் விகிதத்தை வக்கீலிடம் எழுத்தில் கேளுங்கள். இவை எல்லாம் கடன் கைக்கு வருவதற்கு முன்பே கட்ட வேண்டியவை, அதற்குத் தனியாகப் பணம் ஒதுக்கி வையுங்கள்.

பிற்பாடு வரம்பு உயர்ந்தால் புதிய தீர்மானம் போட்டு, மாற்றிய சார்ஜுக்கு மறுபடியும் CHG-1 தாக்கல் செய்ய வேண்டும். கடன் முழுவதையும் அடைத்ததும் CHG-4 படிவத்தில் 30 நாளுக்குள் தெரிவியுங்கள், மூலப் பத்திரங்களைத் திரும்ப வாங்கப் போகிறவரின் பெயரிலும் ஒரு தீர்மானம் தேவைப்படும். அதிகாரம் பெற்ற இயக்குநர் இடையில் விலகினால், விலகிய வாரத்திலேயே கூட்டம் கூட்டி அவர் பெயரை நீக்கி வேறு பெயரைப் போட்டு, சான்றிட்ட நகலை வங்கியில் கொடுத்து, கிளையின் முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள். அந்த ஒப்புகையில் தேதி இருக்கிறதா என்று கவுன்ட்டரிலேயே பார்த்துவிடுங்கள்.